வேலை போன வீட்டிலிருந்து தலைமை ஆசிரியருக்கு ஒரு கட்டணச் சலுகைக் கடிதம்

"என் கணவருக்கு ஆகஸ்டில் வேலை போய்விட்டது. மகன் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். முதல் டேர்ம் பீஸ் கட்டியாயிற்று, இரண்டாவது கட்ட வழியில்லை. தலைமை ஆசிரியருக்குச் சலுகை கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். என்ன எழுதினால் கேட்பார்கள்? ஒரு மாதிரியும் வேண்டும்."

திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு ஆண்டுகள் தலைமை ஆசிரியை. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஜனவரியிலும் இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேசைக்கு வரும். அவற்றில் பலவற்றை என்னால் நிறைவேற்ற முடிந்தது. சிலவற்றை முடியவில்லை. முடியாமல் போனவற்றில் பாதிக்குமேல் குடும்பத்தின் கஷ்டம் குறைவாக இருந்ததால் அல்ல, கடிதத்தை வைத்துக்கொண்டு மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாதபடி அது எழுதப்பட்டிருந்ததால்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கடிதம் தலைமை ஆசிரியருக்குத்தான் எழுதுகிறீர்கள், ஆனால் தனியார் பள்ளியில் கட்டணத்தைக் குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இல்லை. தாளாளரிடமோ அறக்கட்டளையிடமோ இருக்கும். தலைமை ஆசிரியர் செய்யக்கூடியது, உங்கள் கடிதத்தின் ஓரத்தில் "தாளாளர் பார்வைக்கு, பரிந்துரைக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவது. நீங்கள் நேரில் அழுது சொன்னது எதுவும் அந்தக் காகிதத்தோடு போகாது. அந்த அறைக்குள் போவது காகிதம் மட்டும்தான். எங்கள் தாளாளர் ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்றே கேள்விகள் கேட்பார். எத்தனை வருடமாக இங்கே படிக்கிறான், பழைய பாக்கி உண்டா, எவ்வளவு குறைக்கச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் கடிதத்திலேயே பதில் இருந்தால் அன்றைக்கே முடிவாகிவிடும். இல்லையென்றால் "பெற்றோரை வரச் சொல்லவும்" என்று எழுதித் திரும்பி வரும். அப்படித் திரும்பிய கடிதங்கள் அரையாண்டுத் தேர்வு வரை கோப்பில் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து, "சலுகை" என்ற சொல். அதற்குள் மூன்று வேறு வேறு கோரிக்கைகள் அடங்கியிருக்கின்றன. கொஞ்ச நாள் பொறுங்கள் என்பது அவகாசம். மாதாமாதம் பிரித்துக் கட்டுகிறேன் என்பது தவணை. இவ்வளவு தொகையை விட்டுக்கொடுங்கள் என்பது தள்ளுபடி. நீங்கள் வெறுமனே "சலுகை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால், பள்ளிக்குச் செலவில்லாத முதல் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் அவகாசம் தருவார்கள். வேலையே போன வீட்டுக்கு ஒரு மாத அவகாசத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அடுத்த மாதமும் அதே நிலைமைதான் இருக்கும், பாக்கி மட்டும் ஏறியிருக்கும்.

நான் கையாண்ட ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா ஒரு நூற்பாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். ஆலையில் ஒரு ஷிப்ட்டை நிறுத்தியதும் அவருடைய வேலை போயிற்று. அம்மா ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார், மாதம் 11,000 ரூபாய். மகன் உங்கள் பையனைப் போலவே ஏழாம் வகுப்பு, எல்.கே.ஜி. முதல் எங்களிடமே படித்தவன். ஆண்டுக் கற்பிப்புக் கட்டணம் 27,000, டேர்முக்கு 9,000. ஜூனில் முதல் டேர்ம் கட்டிவிட்டார்கள். மீதி 18,000. அவர்களுடைய முதல் கடிதத்தில் "குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கட்டணம் செலுத்த இயலவில்லை, தயவுகூர்ந்து உதவ வேண்டும்" என்று மட்டும் இருந்தது. அக்டோபர் கடைசி வரை அவகாசம் என்று பதில் வந்தது. அந்த அம்மா மறுபடி என்னிடம் வந்தபோதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

வீட்டு வாடகை 4,000, மளிகை, பால், கேஸ் எல்லாம் சேர்த்து 4,500, மின்சாரம், பஸ், மருந்து என்று 1,000. மாதம் 1,500 மிஞ்சும். அப்படியானால் 1,500 கட்டுகிறேன் என்று எழுதிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஒரு காய்ச்சல் வந்தால் அந்த மாதம் தவணை தவறும். ஒரு தவணை தவறினால் அலுவலகத்தில் உங்கள் சொல்லுக்கு இருந்த மதிப்பு போய்விடும், அடுத்த முறை பரிந்துரைக்கிறவருக்கும் வாய் எழாது. அதனால் மாதம் 1,000 என்று வைத்துக்கொண்டோம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம், 7,000. ஆலையில் கொடுத்த செட்டில்மெண்டில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதிலிருந்து 2,000-ஐ முன்பணமாக உடனே கட்டுவது என்று முடிவு செய்தோம். மொத்தம் 9,000. ஆகவே மீதி 9,000-க்குத் தள்ளுபடி கேட்பது. எடுத்த எடுப்பிலேயே கொஞ்சம் பணத்தைக் கட்ட முன்வருவது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் "இவர்கள் ஏமாற்ற வரவில்லை" என்று நிர்வாகத்துக்குச் சொல்ல அதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

வேன் கட்டணத்தை அந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். பள்ளிகள் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் கற்பிப்புக் கட்டணத்திலிருந்துதான். வேனுக்கு டீசலும் ஓட்டுநர் சம்பளமும் மாதாமாதம் கையிலிருந்து போகிறது, புத்தகத்துக்கும் சீருடைக்கும் வெளியே பணம் கொடுத்திருப்பார்கள். அவற்றில் குறைக்கச் சொன்னால் முழுக் கோரிக்கையும் கனமாகத் தெரியும். முடிந்தால் வேனை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் அனுப்புங்கள், அதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். நீங்களும் செலவைக் குறைத்திருக்கிறீர்கள் என்று அது காட்டும்.

அவர்கள் கொடுத்த இரண்டாவது கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது. உங்கள் விவரங்களைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையால் எழுதினாலே போதும், டைப் அடிக்க வேண்டியதில்லை.

அனுப்புநர்: (தாயின் பெயர், முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள், (பள்ளியின் பெயர், ஊர்)

பொருள்: ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன் (பெயர், சேர்க்கை எண்) – தந்தையின் வேலை இழப்பு – கற்பிப்புக் கட்டணத்தில் 9,000 ரூபாய் தள்ளுபடியும் மீதிக்குத் தவணையும் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

என் மகன் எல்.கே.ஜி. முதல் தங்கள் பள்ளியில் படித்து வருகிறான். சென்ற ஆண்டு வரை கட்டணப் பாக்கி ஏதும் இல்லை. இவ்வாண்டு முதல் டேர்ம் கட்டணம் 9,000 ரூபாயை ஜூன் மாதம் செலுத்திவிட்டோம்.

நூற்பாலையில் பணியாற்றிய என் கணவர் ஆகஸ்ட் 12 அன்று ஆட்குறைப்பில் வேலை இழந்தார். ஆலை கொடுத்த கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். தற்போது வீட்டில் என் சம்பளம் மாதம் 11,000 ரூபாய் மட்டுமே வருமானம். அவர் வேறு வேலை தேடி வருகிறார்.

இவ்வாண்டு செலுத்த வேண்டிய மீதிக் கட்டணம் 18,000 ரூபாய். இதில் 9,000 ரூபாயைத் தள்ளுபடி செய்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்ற 9,000 ரூபாயில் 2,000 ரூபாயை உடனே செலுத்துகிறேன். 7,000 ரூபாயை அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மாதம் 1,000 ரூபாயாக, ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் செலுத்துவேன். அக்டோபர் முதல் பள்ளி வேனை நிறுத்திக்கொள்கிறோம்.

இந்தச் சலுகை இந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டுமே கேட்கிறேன். என் கணவருக்கு ஆண்டு முடிவதற்குள் வேலை கிடைத்தால் உடனே தெரிவித்து, மூன்றாம் டேர்ம் கட்டணத்தை முழுமையாகச் செலுத்துவோம்.

இதைத் தாளாளர் அவர்களின் பார்வைக்குக் கொண்டுசென்று பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு, (கையொப்பம், நாள்)

இணைப்பு: ஆலையின் கடித நகல், கணவரின் கடைசிச் சம்பளச் சீட்டு நகல், முதல் டேர்ம் ரசீது நகல்.

இதில் எது எதற்காக இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். பொருள் வரியிலேயே தொகை இருக்கிறது, ஏனென்றால் பலர் அந்த ஒரு வரியை மட்டுமே படிப்பார்கள். "இந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டும்" என்பது நிர்வாகத்தின் பெரிய பயத்தைப் போக்குகிறது. ஒரு தடவை குறைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை குறைக்க வேண்டி வருமோ என்றுதான் அவர்கள் தயங்குவார்கள். ஆலை மீது குற்றச்சாட்டு ஏதும் இல்லை. வேலை எப்படிப் போனது என்ற நியாய அநியாயத்தைப் பள்ளி தீர்த்துவைக்க முடியாது, அதை எழுதினால் கடிதம் திசை மாறும். "எதிர்வீட்டுப் பையனுக்குக் குறைத்தீர்களே" என்ற வரியும் வேண்டாம். அந்த வரி வந்த கடிதங்களை எங்கள் தாளாளர் உடனே மூடிவைத்துவிடுவார். சலுகை வெளியே பேசப்படுகிறது என்றாலே அவருக்குப் பயம். பையனின் மதிப்பெண்ணை எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். நன்றாகப் படிக்கிறவன் என்றால் ஒரு வரி எழுதலாம், கெடுதல் இல்லை. ஆனால் சுமாராகப் படிக்கும் பிள்ளையின் வீட்டிலும் வேலை போகும், அதனால் நான் பரிந்துரைக்கும்போது அதைப் பார்த்ததே இல்லை.

வேலை போனதற்கு அத்தாட்சி வேண்டும். ரிலீவிங் ஆர்டரோ பணிநீக்கக் கடிதமோ இருந்தால் நல்லது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு வாய்மொழியாகவே "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லியிருப்பார்கள், கையில் காகிதமே இருக்காது. அப்போது சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் கடைசி ஆறு மாத விவரத்தை எடுத்துக் கொடுங்கள், எந்த மாதத்தோடு சம்பளம் நின்றது என்று அதில் தெரியும். பி.எஃப். பிடித்தம் இருந்தவர் என்றால் பாஸ்புக்கில் கடைசிப் பங்களிப்பு மாதம் இருக்கும், அதுவும் போதும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் வாங்கலாம், ஆனால் பள்ளி கேட்டால் மட்டும் வாங்குங்கள். அதில் வருவது ஆண்டு வருமானம். ஆகஸ்ட் வரை சம்பளம் வந்த வீட்டுக்கு அந்த எண் இப்போதைய நிலைமையைக் காட்டாது. அதற்காகக் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்காதீர்கள். சம்பளச் சீட்டும் சான்றிதழும் முரண்பட்டால் உண்மையான கஷ்டத்தையும் நம்ப மாட்டார்கள்.

கொடுக்கும் நேரம் முக்கியம். கெடு தேதிக்கு முன்பே கொடுங்கள். பாக்கிப் பட்டியலில் பெயர் வந்தபிறகு வரும் கடிதம் சாக்குப்போக்காகத் தெரியும். பிள்ளையிடம் கொடுத்தனுப்பாதீர்கள். வகுப்பில் அவன் கையில் அந்தக் கவர் இருப்பதை நான்கு பேர் பார்ப்பார்கள், அது அவனுக்குத் தேவையில்லாத வலி. நீங்களே நேரில் போங்கள், காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்துப் போனால் தலைமை ஆசிரியர் பேசக்கூடிய நிலையில் இருப்பார். கணவர் கூச்சப்பட்டு வரவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், தாய் எழுதிய கடிதமும் அதே செல்லுபடிதான். இரண்டு பிரதி எடுத்துச் சென்று ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்றால், கேட்ட 9,000-க்கு 8,000 தள்ளுபடி. மிச்சம் 1,000-ஐ மே மாதத் தவணையாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு குடும்பத்துக்கு நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். தாளாளர் வாய்மொழியாகச் சரி என்றார், நானும் அந்த அப்பாவிடம் "பார்த்துக்கொள்ளலாம், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பேரேட்டில் தள்ளுபடியைப் பதிய வைக்கவில்லை. ஏப்ரலில் கிளார்க் முழுப் பாக்கியையும் கேட்டு அந்தப் பெண்ணை வகுப்பிலிருந்து அழைத்துவிட்டார். அவள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். தாளாளர் குறிப்பெழுதிக் கையெழுத்திட்ட உங்கள் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அது தரமாட்டார்கள் என்றால், முதல் தவணை கட்டும்போது ரசீதில் "தள்ளுபடி போக மீதி இவ்வளவு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அலுவலகத்தில் கேட்கத் தயங்க வேண்டியதில்லை, ரசீதில் ஒரு வரி எழுத அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மறுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். பெற்றோர் வேலை இழந்தால் தனியார் பள்ளி கட்டணத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் இல்லை. 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கொரோனாவால் வருமானம் பாதிக்கப்பட்ட பெற்றோரிடம் 75 சதவீதமும் மற்றவர்களிடம் 85 சதவீதமும் ஆறு தவணைகளில் வாங்கலாம் என்று உத்தரவிட்டது உண்மை. இன்றும் சிலர் அதைக் கடிதத்தில் எழுதுகிறார்கள். அது அந்தக் கல்வியாண்டுக்கானது, இப்போது எடுபடாது. 25 சதவீத இலவச இடஒதுக்கீடும் நுழைவு வகுப்பில் சேர்க்கும்போது மட்டும்தான், நடுவில் ஏழாம் வகுப்பில் கேட்க முடியாது.

உறுதியாக உங்கள் பக்கம் இருப்பவை வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது, 17-ஆம் பிரிவு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வகுப்பில் எழுந்து நிற்க வைத்துப் பாக்கியைக் கேட்டால் நீங்கள் எதிர்த்துக் கேட்கலாம். ஆனால் இந்தப் பிரிவுகளால் கட்டணமே கட்ட வேண்டாம் என்று ஆகிவிடாது. பள்ளி பாக்கியை வசூலிக்கச் சட்டப்படி வழி தேடலாம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழைத் தர மறுக்கக் கூடாது, அதில் பாக்கி விவரத்தை எழுதவும் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே, வேறு வழியில்லாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றினாலும் பிள்ளையின் படிப்பு நிற்காது. சான்றிதழ் தாமதமானால் அதற்காக அரசுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது.

இன்னொன்று, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயித்திருக்கும். உங்களிடம் கேட்கும் தொகை அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகமாக இருந்தால் உங்கள் கணக்கு நிர்ணயித்த தொகையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் என் யோசனை, முதல் கடிதத்தில் சட்டப் பிரிவு எதையும் எழுதாதீர்கள். சட்டம் எழுதப்பட்ட கடிதத்தைத் தாளாளர் தன் வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுவார், தலைமை ஆசிரியரின் பரிந்துரைக்கு அதன்பிறகு வேலையில்லை. பத்து நாளில் பதில் வராவிட்டால் முத்திரை வாங்கிய பிரதியோடு ஒருமுறை நேரில் கேளுங்கள். அதற்குப் பிறகும் மறுப்புதான் என்றால், பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது போன்ற ஏதாவது நடந்தால், அப்போது அந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதலாம்.

உங்கள் கணவருக்கு வேலை கிடைத்ததும் சேர்ந்த தேதியைச் சொல்லி இரண்டு வரிக் கடிதம் ஒன்றைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் டேர்ம் கட்டணத்தை எந்த மாதத்திலிருந்து முழுதாகக் கட்ட முடியும் என்பதையும் அதில் எழுதுங்கள். முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம், அதையும் கணக்கில் வைத்துத் தேதி போடுங்கள்.